நகரும் சக்கரப் பளுவை எங்கே நிறுத்தினால் கர்டரில் மொமென்ட் உச்சம்? இன்ஃப்ளூயன்ஸ் லைன் வழியே படிப்படியாக

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களோடு உட்கார்ந்து இந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். பெருக்கல் கூட்டலில் யாரும் தடுக்கி விழுவதில்லை. எதை முதலில் முடிவு செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசையில்தான் விழுகிறார்கள். அதனால் ஒரே ஒரு கர்டர், ஒரே ஒரு வண்டி என்று எடுத்துக்கொண்டு, அந்த வரிசையிலேயே கடைசிவரை போகலாம்.

கர்டர் இரண்டு முனையிலும் சாதாரணமாகத் தாங்கப்பட்டது, ஸ்பான் 20 மீட்டர். வண்டிக்கு மூன்று ஆக்சில். முன் ஆக்சில் 40, நடு ஆக்சில் 160, பின் ஆக்சில் 160 கிலோநியூட்டன். அடுத்தடுத்த ஆக்சில்களுக்கு நடுவே 4 மீட்டர் இடைவெளி. மொத்தம் 360.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஸ்பானை சப்போர்ட்டின் நடுவிலிருந்து நடுவரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கர்டரின் முழு நீளம் வேறு, ஸ்பான் வேறு.

அடுத்தது, உங்களிடம் உள்ள எண்கள் ஆக்சில் பளுவா சக்கரப் பளுவா என்று பாருங்கள். 160 என்பது ஆக்சில் என்றால் ஒரு பக்கச் சக்கரத்துக்கு 80தான். இந்த இடத்தில் குழம்பினால் விடை நேராக இரண்டு மடங்காகும் அல்லது பாதியாகும், கணக்கின் உள்ளே எந்தச் சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது. பல கர்டர்கள் சேர்ந்து தாங்கும் பாலமாக இருந்தால், நம் கர்டருக்கு எவ்வளவு பங்கு வருகிறது என்பது தனிக் கணக்கு. அதிர்வுக்காகக் கூட்டும் பெருக்கெண்ணும் தனி. இந்த இரண்டும் எல்லா ஆக்சிலையும் ஒரே விகிதத்தில் மாற்றுவதாக இருந்தால், வண்டியை எங்கே நிறுத்துவது என்ற முடிவு மாறாது. ஆகவே அவற்றைக் கடைசியில் பெருக்கிக்கொள்ளலாம். இங்கே 40, 160, 160 என்பதை நம் கர்டருக்கு வந்து சேர்ந்த பளு என்றே வைத்துக்கொள்கிறேன்.

## 2. முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், வண்டியை அல்ல

இன்ஃப்ளூயன்ஸ் லைன் என்பது ஒரே ஒரு இடத்துக்கு உரியது. கர்டரில் ஒரு புள்ளியை நிலையாக வைத்துவிட்டு, 1 அலகுப் பளுவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நகர்த்திக்கொண்டே போனால் அந்தப் புள்ளியில் மொமென்ட் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத்தான் அந்தக் கோடு சொல்கிறது.

ஒற்றைப் பளுவுக்குப் பெண்டிங் மொமென்ட் வரைபடமும் முக்கோணமாக இருக்கும், இதுவும் முக்கோணமாக இருக்கும். அதனால்தான் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். பெண்டிங் மொமென்ட் வரைபடத்தில் பளு நிற்கிறது, நாம் புள்ளி புள்ளியாக நகர்ந்து பார்க்கிறோம். இன்ஃப்ளூயன்ஸ் லைனில் புள்ளி நிற்கிறது, பளு நகர்கிறது. படத்தின் ஓரத்தில் "8 மீட்டர் புள்ளிக்கு உரியது" என்று எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். குழம்பிவிட்டோமா என்று அறிய இன்னொரு வழி, உயரத்தின் அலகைப் பார்ப்பது. 1 அலகுப் பளுவுக்கான மொமென்ட் என்பதால் இன்ஃப்ளூயன்ஸ் லைனின் உயரம் வெறும் மீட்டரில்தான் வரும். கிலோநியூட்டன்-மீட்டரில் எழுதியிருந்தால் நீங்கள் வரைந்திருப்பது வேறு படம்.

நாம் இடது சப்போர்ட்டிலிருந்து 8 மீட்டரில் உள்ள புள்ளியை எடுத்துக்கொள்வோம். வேண்டுமென்றேதான் நடுவை விட்டு விலகிய புள்ளியாக எடுக்கிறேன். நடுப்புள்ளியில் முக்கோணம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் பல தவறுகள் வெளியே தெரியாமல் தப்பித்துவிடும்.

## 3. முக்கோணத்தை வரைந்து, சரிவைக் குறித்துக்கொள்ளுங்கள்

இரண்டு சப்போர்ட்டிலும் உயரம் பூஜ்யம், நாம் எடுத்த புள்ளியில் உச்சம். இடது சப்போர்ட்டிலிருந்து புள்ளிவரை a, புள்ளியிலிருந்து வலது சப்போர்ட்வரை b, ஸ்பான் L.

```
உச்ச உயரம் = a × b / L = 8 × 12 / 20 = 4.8
இடப்பக்கச் சரிவு = b / L = 12 / 20 = 0.6
வலப்பக்கச் சரிவு = a / L = 8 / 20 = 0.4
```

இரண்டு சரிவையும் கூட்டினால் எப்போதும் 1 வரவேண்டும். வரவில்லை என்றால் a, b, L இவற்றில் ஏதோ ஒன்று எங்கேயோ தவறிப்போயிருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஐந்து நொடிகூட ஆகாது, அதனால் ஒவ்வொரு முறையும் செய்துவிடுங்கள்.

பெரும்பாலானவர்கள் உயரத்தை மட்டும் எழுதிவிட்டுச் சரிவை விட்டுவிடுகிறார்கள். அடுத்த படியில் தேவைப்படப்போவது சரிவுதான். வண்டியை ஒரு மீட்டர் தள்ளினால் மொமென்ட் எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்பதை அதுதான் சொல்லும். இன்னொன்று, சக்கரத்தின் கீழ் உள்ள உயரத்தைக் கணக்கிடும்போது தூரத்தை அந்தந்தப் பக்கத்துச் சப்போர்ட்டிலிருந்து அளக்க வேண்டும், உச்சத்திலிருந்து அல்ல. இடப்பக்கத்தில் 4 மீட்டரில் நிற்கும் சக்கரத்துக்கு 4 × 0.6 = 2.4. வலப்பக்கத்தில் 12 மீட்டரில் நிற்கும் சக்கரத்துக்கு வலது சப்போர்ட்டிலிருந்து 8 மீட்டர், ஆக 8 × 0.4 = 3.2.

## 4. எந்தச் சக்கரத்தை உச்சியின் கீழ் நிறுத்துவது?

முழுக் கணக்கின் உயிர்நாடி இந்தப் படிதான், இங்கே அவசரப்படாதீர்கள்.

முக்கோணத்தின் பக்கங்கள் நேர்கோடுகள். ஆகவே எந்தச் சக்கரமும் உச்சியைத் தாண்டாமலும், எந்தச் சக்கரமும் கர்டருக்குள் நுழையாமலும் வெளியேறாமலும் இருக்கும்வரை, வண்டி நகர நகர மொமென்ட் ஒரே வேகத்தில் கூடும் அல்லது ஒரே வேகத்தில் குறையும். ஏறுவது இறக்கமாகத் திரும்ப வேண்டுமென்றால் ஒரு சக்கரம் உச்சியைத் தாண்டியாக வேண்டும். அதனால் உச்ச மொமென்ட்டுக்கு ஏதாவது ஒரு சக்கரம் சரியாக அந்தப் புள்ளியின் மேல் நிற்கும். எந்தச் சக்கரம் என்பதுதான் கேள்வி.

வண்டியின் முகம் இடப்பக்கம் பார்த்திருக்கட்டும், வலமிருந்து இடமாக ஓட்டுவோம். நடு ஆக்சில் 8 மீட்டர் புள்ளியைத் தொடுவதற்குச் சற்று முன் நிலைமை என்ன? இடப்பக்கம் முன் ஆக்சிலின் 40 மட்டும். வலப்பக்கம் 160ம் 160ம், மொத்தம் 320. ஒரு மீட்டர் இடப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்கத்துப் பளுக்கள் உச்சியை நோக்கி ஏறுகின்றன, இடப்பக்கத்துப் பளு சப்போர்ட்டை நோக்கி இறங்குகிறது.

```
தாண்டும் முன்: 320 × 0.4 − 40 × 0.6 = +104
தாண்டிய பின்: 160 × 0.4 − 200 × 0.6 = −56
```

மீட்டருக்கு 104 கூடிக்கொண்டு வந்தது, நடு ஆக்சில் தாண்டியதும் மீட்டருக்கு 56 குறையத் தொடங்குகிறது. குறி மாறிவிட்டது. அப்படியென்றால் நடு ஆக்சில் உச்சியின் மேல் நிற்கும்போதுதான் இந்தத் திசைக்கான உச்சம்.

பாடங்களில் இதையே "இடப்பக்கச் சராசரிப் பளுவும் வலப்பக்கச் சராசரிப் பளுவும்" என்று ஒப்பிடச் சொல்வார்கள். தாண்டும் முன் 40/8 = 5, 320/12 = 26.7, வலம் கனம். தாண்டிய பின் 200/8 = 25, 160/12 = 13.3, இடம் கனம். இரண்டும் ஒரே சோதனைதான். ஆனால் சரிவை வைத்துப் போட்டால், பிறகு சரிபார்க்க உதவும் எண்களும் கூடவே கிடைக்கின்றன, அதனால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

"கனமான சக்கரத்தை உச்சியில் வை" என்று குறுக்குவழி சொல்பவர்கள் உண்டு. இந்த வண்டியில் கனமான ஆக்சில் இரண்டு இருக்கிறதே, எதை வைப்பது? அடுத்த படியில் இரண்டையும் போட்டுப் பார்த்தால் அந்தக் குறுக்குவழி எவ்வளவு இழக்கிறது என்று தெரியும்.

## 5. உயரத்தைப் பெருக்கிக் கூட்டுங்கள், பிறகு சரிபாருங்கள்

நடு ஆக்சில் 8 மீட்டரில். அப்போது முன் ஆக்சில் 4 மீட்டரில், பின் ஆக்சில் 12 மீட்டரில்.

```
40 × 2.4 + 160 × 4.8 + 160 × 3.2 = 96 + 768 + 512 = 1376
```

மொமென்ட் 1376 கிலோநியூட்டன்-மீட்டர். இப்போது பின் ஆக்சிலை உச்சியில் வையுங்கள். முன் ஆக்சில் இடது சப்போர்ட்டின் மேலேயே போய் நிற்கிறது, அதன் பங்கு பூஜ்யம். நடு ஆக்சில் 4 மீட்டரில்.

```
40 × 0 + 160 × 2.4 + 160 × 4.8 = 384 + 768 = 1152
```

அதே 160தான் உச்சியில் நிற்கிறது, ஆனால் விடை 224 குறைந்துவிட்டது. கிட்டத்தட்ட 16 சதவீதம்.

அந்த 224ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடு ஆக்சில் இருந்த இடத்துக்குப் பின் ஆக்சில் வர வண்டி 4 மீட்டர் நகர வேண்டும். மீட்டருக்கு 56 வீதம் 4 மீட்டருக்கு 224. இரண்டு வழியில் போட்டும் ஒரே எண் வருகிறது என்றால், உயரமும் சரி, சரிவும் சரி, இடைவெளியும் சரி. இப்படி ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு சக்கரத்தின் தூரத்தைத் தவறான முனையிலிருந்து அளந்திருப்பீர்கள்.

எண்களோடு மட்டும் மல்லுக்கட்டும் புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முக்கோணத்தை அளவுப்படி ஒரு தாளில் வரையுங்கள். அதே அளவில் ஒரு ட்ரேசிங் தாள் துண்டில் மூன்று ஆக்சில்களையும் கோடாகப் போட்டு, 40, 160, 160 என்று எழுதி, முக்கோணத்தின் மேல் வைத்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். நடுக்கோடு உச்சியைத் தாண்டும் அந்த இடத்தில், இடப்பக்கத்தின் செங்குத்தான சரிவில் 40ம் 160ம் சேர்ந்து இறங்க, வலப்பக்கத்தில் ஒரே ஒரு 160 மட்டும் மெதுவாக ஏறிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரியும்.

## 6. வண்டியைத் திருப்பிப் போடுங்கள்

அதிகம் பேர் விட்டுவிடும் படி இது. ஆக்சில் பளுக்கள் முன்னும் பின்னும் ஒன்றுபோல இல்லாத வண்டி, நடுவில் இல்லாத புள்ளி. இந்த இரண்டும் சேர்ந்தால் வண்டியின் முகம் எந்தப் பக்கம் என்பது விடையை மாற்றும்.

இப்போது முகம் வலப்பக்கம். இடமிருந்து வலமாகப் பார்த்தால் பின் ஆக்சில், நடு ஆக்சில், முன் ஆக்சில். முந்தைய முடிவை அப்படியே நம்பி நடு ஆக்சிலை 8 மீட்டரில் வைத்தால்:

```
160 × 2.4 + 160 × 4.8 + 40 × 3.2 = 384 + 768 + 128 = 1280
```

ஆனால் இங்கே நடு ஆக்சில் சோதனையில் தேறவில்லை. அது 8 மீட்டர் புள்ளிக்குச் சற்று வலப்பக்கம் இருக்கும்போதே இடப்பக்கம் 160, வலப்பக்கம் 200. இடப்பக்கம் நகர்த்தினால் 200 × 0.4 − 160 × 0.6 = −16. ஏற்கனவே குறைந்துகொண்டிருக்கிறது. ஆகவே உச்சம் அதற்கு முன்பே, பின் ஆக்சில் புள்ளியின் மேல் இருந்தபோதே வந்துபோயிருக்க வேண்டும்.

```
160 × 4.8 + 160 × 3.2 + 40 × 1.6 = 768 + 512 + 64 = 1344
```

திசையைத் திருப்பியதும் உச்சியில் நிற்க வேண்டிய சக்கரமே மாறிவிட்டது. 1344க்கும் 1280க்கும் வித்தியாசம் 64, அதாவது 4 மீட்டர் × 16. சரி, ஒத்துவருகிறது. இரண்டு திசையிலும் பெரியது 1376, அதுதான் 8 மீட்டர் புள்ளிக்கான விடை. ஒரு திசையை மட்டும், அதுவும் தவறான திசையை மட்டும் போட்டிருந்தால் 1344ஓடு திருப்திப்பட்டிருப்பீர்கள்.

## 7. கர்டர் முழுவதிலும் மிகப் பெரிய மொமென்ட்

இதுவரை புள்ளி நம் கையில் இருந்தது. இப்போது புள்ளியும் தெரியாது, வண்டியின் இடமும் தெரியாது. ஸ்பானின் நடுவில்தான் மிகப் பெரியது வரும் என்று நினைப்பது இயல்பு. நடு ஆக்சிலை 10 மீட்டரில் நிறுத்தினால் உச்ச உயரம் 5, மற்ற இரண்டின் உயரமும் 3.

```
40 × 3 + 160 × 5 + 160 × 3 = 1400
```

இது ஸ்பான் நடுவுக்கான உச்சம், ஆனால் கர்டரின் உச்சம் அல்ல.

மொத்தப் பளு 360ம் ஒரே இடத்தில் செயல்படுவதாக எடுத்துக்கொண்டால் அந்த இடம் எது என்று முதலில் பாருங்கள். முன் ஆக்சிலிலிருந்து அளந்தால் (160 × 4 + 160 × 8) / 360 = 5.333 மீட்டர். நடு ஆக்சில் 4 மீட்டரில் இருக்கிறது, ஆகவே இரண்டுக்கும் இடையே 1.333 மீட்டர். இந்த இடைவெளியின் சரிபாதி ஸ்பானின் நடுவில் விழும்படி வண்டியை நிறுத்த வேண்டும். முகம் இடப்பக்கம் பார்த்த வண்டிக்கு நடு ஆக்சில் 10 − 0.667 = 9.333 மீட்டரில் நிற்கும், மொத்தப் பளுவின் இடம் 10.667 மீட்டரில்.

ஏன் பாதி? நடு ஆக்சிலின் கீழ் மொமென்ட் என்பது இடது சப்போர்ட்டின் எதிர்விசையை ஆக்சிலின் தூரத்தால் பெருக்கி, முன் ஆக்சிலின் 40 × 4 = 160ஐக் கழிப்பது. இந்த 160 மாறாது. எதிர்விசையோ மொத்தப் பளுவுக்கும் வலது சப்போர்ட்டுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. ஆக இரண்டு தூரங்களின் பெருக்கல்தான் பெரிதாக வேண்டும்: இடது சப்போர்ட்டிலிருந்து ஆக்சில்வரை ஒன்று, மொத்தப் பளுவிலிருந்து வலது சப்போர்ட்வரை இன்னொன்று. வண்டியை எங்கே தள்ளினாலும் இவற்றின் கூட்டுத்தொகை 20 − 1.333 தான். கூட்டுத்தொகை மாறாத இரண்டு எண்களின் பெருக்கல், இரண்டும் சமமாகும்போது மிக அதிகம்.

```
இடது எதிர்விசை = 360 × 9.333 / 20 = 168
மொமென்ட் = 168 × 9.333 − 160 = 1408
```

நடுவில் வந்த 1400ஐவிட 8 அதிகம், அவ்வளவுதான். வித்தியாசம் சிறியதாகத் தெரிந்தாலும் இதைப் போட்டுவிடுவதே நல்லது, ஏனென்றால் ஸ்பான் குறையக் குறைய, மொத்தப் பளுவின் இடம் அந்த ஆக்சிலை விட்டு விலக விலக இந்த வித்தியாசம் வளரும். பின் ஆக்சிலின் கீழும் இதே முறையில் போட்டுப் பாருங்கள், 1352 வரும். மொத்தப் பளுவுக்கு மிக அருகில் உள்ள கனமான ஆக்சில்தான் வழக்கமாக வெல்லும், ஆனால் பக்கத்து ஆக்சிலையும் ஒருமுறை சோதித்துவிட்டால் மனம் நிம்மதி. வண்டி திரும்பினால் அதே 1408, 10.667 மீட்டரில் வரும் என்பதால் வடிவமைப்பில் நடுவின் இரண்டு பக்கத்தையும் இதற்குத் தயாராக வைக்க வேண்டும்.

## 8. எல்லாச் சக்கரமும் கர்டரின் மேல்தான் இருக்கிறதா?

பாதி இடைவெளி விதியைப் போட்டு முடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லா ஆக்சிலின் இடத்தையும் எழுதிப் பார்ப்பது. நமக்கு 5.333, 9.333, 13.333. மூன்றும் 0க்கும் 20க்கும் நடுவே, கவலையில்லை.

இதே வண்டியை 6 மீட்டர் ஸ்பானில் ஏற்றுங்கள். விதிப்படி நடு ஆக்சில் 2.333 மீட்டரில் நிற்க வேண்டும், அப்போது முன் ஆக்சில் −1.667, அதாவது பாலத்துக்கே வெளியே. விதி அதைக் கவனிக்காமல் 166.7 என்று ஒரு விடை தரும், அது அர்த்தமில்லாத எண். சரி, முன் ஆக்சிலை விட்டுவிட்டு இரண்டு 160ஐ மட்டும் வைத்துப் போட்டால் ஒன்று 2 மீட்டரிலும் மற்றது சரியாக வலது சப்போர்ட்டின் மேலும் நிற்கும், மொமென்ட் 213.3. ஆனால் ஒரே ஒரு 160ஐ நடுவில் நிறுத்தினால் 160 × 6 / 4 = 240! அப்போது மற்ற இரண்டு ஆக்சிலும் கர்டருக்கு வெளியே நிற்கும், வண்டி கடந்து போகும்போது உண்மையாகவே அந்த நிலை வரத்தான் செய்யும்.

ஆகவே குறுகிய ஸ்பானில் மூன்று ஆக்சில், இரண்டு ஆக்சில், ஒரு ஆக்சில் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாகப் போட்டுப் பெரியதை எடுங்கள். சமமான இரண்டு பளுக்களுக்கு ஒரு எளிய அளவு உண்டு. அவற்றின் இடைவெளி ஸ்பானில் 0.586 மடங்குக்கு மேல் போனால் ஒற்றைப் பளு நடுவில் நிற்பதே அதிகம் தரும். 6 மீட்டருக்கு அது 3.5 மீட்டர், நம் இடைவெளி 4.

4ஆம் படியின் சோதனைக்கும் இதே எச்சரிக்கைதான். சோதனை நடக்கும்போது ஒரு சக்கரம் கர்டருக்குள் நுழைந்தாலோ வெளியேறினாலோ, அந்தந்த நேரத்தில் மேலே இருக்கும் பளுக்களை மட்டுமே இடம், வலம் என்று எண்ண வேண்டும்.

## 9. நிலைப்பளுவோடு சேர்ப்பது, இந்த முறை நிற்கும் இடம்

கர்டரின் சொந்த எடையால் வரும் மொமென்ட்டின் உச்சம் ஸ்பானின் சரியான நடுவில், வண்டியின் உச்சமோ 9.333இல். இரண்டு உச்சங்களையும் அப்படியே கூட்டினால் கொஞ்சம் கூடுதலாக வரும், ஆபத்தில்லாத பக்கம் என்பதால் கையால் போடும்போது பலர் அப்படித்தான் செய்கிறார்கள். துல்லியம் வேண்டுமென்றால் ஒரே புள்ளியில் இரண்டையும் கணக்கிட்டுக் கூட்டுங்கள். கம்பியையோ தகட்டையோ எங்கே குறைப்பது என்று முடிவு செய்ய ஒரு புள்ளி போதாது. 2 மீட்டருக்கு ஒன்றாக 2ஆம் படி முதல் 6ஆம் படி வரை திரும்பச் செய்து உச்சங்களை இணைத்துக்கொள்ளுங்கள்.

பல ஸ்பான்கள் தொடர்ச்சியாக ஓடும் கர்டருக்கு 4ஆம் படியின் சோதனையையும் 7ஆம் படியின் விதியையும் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் நேர்கோட்டு முக்கோணத்தை நம்பிப் பிறந்தவை. தொடர் கர்டரின் இன்ஃப்ளூயன்ஸ் லைன் வளைந்திருக்கும், அடுத்த ஸ்பானில் குறியும் மாறும். நடுச் சப்போர்ட்டின் மேல் உள்ள மொமென்ட்டுக்கு உச்சம் எந்தச் சக்கரமும் வளைவின் உச்சியில் இல்லாதபோதுகூட வரலாம். அங்கே வளைகோட்டின் உயரங்களை அட்டவணையாக எடுத்துக்கொண்டு, வண்டியைக் கால் மீட்டர் கால் மீட்டராக இரண்டு திசையிலும் தள்ளி, ஒவ்வொரு நிலையிலும் பெருக்கிக் கூட்டிப் பெரியதைத் தேட வேண்டும்.